தெருப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினால்…
வேலைக்கு ஆள் வடிகட்டும் சாட்பாட்டைச் சோதிப்பது எப்படி?

2020 மார்ச் மாதக் கடைசியில், ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு அமெரிக்கப் பெண், இணையத்தில் ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் வேலைக்கு ஐடியூட்டர்குரூப் என்ற நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். நிராகரித்துவிட்டார்கள். அவருக்குச் சந்தேகம். அடுத்த நாளே அதே படிப்பு, அதே அனுபவம், எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, பிறந்த தேதியில் மட்டும் வயதைக் குறைத்து இன்னொரு விண்ணப்பம் அனுப்பினார். நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. சம வேலைவாய்ப்புக்கான அமெரிக்க அரசு ஆணையம் 2022இல் வழக்குத் தொடர்ந்தது. 55 வயதைத் தொட்ட பெண்களையும் 60 வயதைத் தொட்ட ஆண்களையும் மென்பொருள் தானாகவே கழித்துக்கட்டியது என்பது குற்றச்சாட்டு. அப்படித் தள்ளப்பட்டவர்கள் இருநூறு பேருக்கு மேல். 2023 ஆகஸ்டில் 3,65,000 டாலர் கொடுத்து நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது.

அந்தப் பெண் செய்ததற்கு இணைச் சோதனை என்று பெயர். எல்லாம் ஒன்றாக இருக்கும் இரண்டு விண்ணப்பங்கள், அவற்றுக்கு இடையே ஒரே ஒரு வேறுபாடு. அங்கே யாரோ கையால் எழுதிவைத்த விதி இருந்தது. அதனால் ஒரு ஜோடியே அதைக் காட்டிக்கொடுத்தது. இன்று வாட்ஸ்அப்பில் ‘வணக்கம், உங்கள் பெயர் என்ன?’ என்று பேச்சைத் தொடங்கி, பத்துக் கேள்வி கேட்டு, உங்களைப் பற்றி எச்.ஆர். அதிகாரிக்கு நாலு வரிக் குறிப்பு எழுதிக் கொடுக்கும் சாட்பாட்டில் அப்படி எழுதிவைத்த விதி எதுவும் இருக்காது. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்துப் பழகிய மொழி மாதிரி ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கிறது. யாரை எதனுடன் சேர்த்துப் பார்க்க அது பழகியிருக்கிறது என்பதை அதைச் செய்தவர்களாலேயே திறந்து காட்ட முடியாது. வெளியிலிருந்து கேட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆலங்குளத்திலிருந்து இதைப் பார்க்கும்போது விஷயம் மிகக் கிட்டத்தில் வந்துவிடுகிறது. திருநெல்வேலி – தென்காசி சாலையில் காய்கறிச் சந்தையும் பீடிக் கடைகளுமாக இருக்கும் ஊர் இது. பீடி சுற்றிய தாய்மாரின் மகள்கள் இங்குள்ள அரசு மகளிர் கல்லூரியிலும் குற்றாலம் பராசக்தி மகளிர் கல்லூரியிலும் படித்துவிட்டு, சென்னை, கோவை, பெங்களூரு நிறுவனங்களின் பில்லிங், கஸ்டமர் கேர், டேட்டா என்ட்ரி வேலைகளுக்குப் போனிலிருந்தே விண்ணப்பிக்கிறார்கள். முன்பு அந்த விண்ணப்பத்தை மேசையில் வைத்து ஒரு மனிதர் புரட்டினார். அந்த இடத்துக்கு இப்போது சாட்பாட் வந்துகொண்டிருக்கிறது. தள்ளப்பட்டவருக்கு ‘உங்கள் விவரங்கள் பதிவாகிவிட்டன, நன்றி’ என்ற வரிக்கு மேல் எதுவும் வராது. ஏன் தள்ளப்பட்டோம் என்று கேட்கவும் எதிரே ஆள் இல்லை.

கடிதம் போட்டுப் பார்த்த காலம்

இந்தச் சோதனை முறை கணினிக்கு முந்தையது. இந்தியாவில் இதைப் பெரிய அளவில் செய்தவர்கள் பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட்டும் சமூகவியலாளர் பால் அட்டிவெல்லும். 2005 அக்டோபர் தொடங்கி 66 வாரம், ஆங்கில நாளிதழ்களில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதி ஒன்றுதான். பெயரைப் பார்த்தால் ஒருவர் உயர்சாதி இந்து, ஒருவர் தலித், ஒருவர் முஸ்லிம் என்று தெரியும். உயர்சாதிப் பெயருக்கு மறு அழைப்பு வரும் சாத்தியத்தை ஒன்று என்று வைத்துக்கொண்டால், தலித் பெயருக்கு அது 0.67 ஆகவும் முஸ்லிம் பெயருக்கு 0.33 ஆகவும் இருந்தது. 2007இல் இது வெளியானது.

நம் ஊருக்கு இன்னும் நெருக்கமானது ஸாரா சித்திக் சென்னையில் செய்த ஆய்வு. 2011இல் வெளியான அந்த ஆய்வின்படி, அதே எண்ணிக்கையில் அழைப்புகள் பெற, தாழ்த்தப்பட்ட சாதியைக் காட்டும் பெயருடையவர் உயர்சாதிப் பெயருடையவரைவிடச் சுமார் 20 சதவீதம் அதிக விண்ணப்பங்களை அனுப்ப வேண்டியிருந்தது. ‘தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லையே’ என்று சொல்பவர்கள் இந்த 20 சதவீதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

டெல்லியிலும் அதைச் சுற்றியும் அபிஜித் பானர்ஜியும் உடன் ஆய்வாளர்களும் செய்து 2009இல் வெளியிட்ட சோதனையில் வேறொரு விஷயம் தெரியவந்தது. மென்பொருள் வேலைகளில் சாதிப் பெயரால் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. கால் சென்டர் வேலைகளில் இருந்தது, அங்கே பிற்படுத்தப்பட்டோர் பெயர்களுக்கு அழைப்பு குறைந்தது. புரோகிராம் எழுதத் தெரியுமா என்பதைத் தாளிலேயே பார்த்துவிடலாம். ‘நன்றாகப் பேசுவாரா, பழக்கவழக்கம் எப்படி’ என்பதைப் பார்ப்பவர் ஊகிக்கிறார். ஊகிக்க இடம் கிடைக்கும்போது சாதி உள்ளே வந்துவிடுகிறது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். சாட்பாட்டிடம் இன்று நிறுவனங்கள் ஒப்படைப்பது பெரும்பாலும் இந்த ஊகிக்கும் வேலையைத்தான்: ‘தொடர்புத் திறன் எப்படி, நம் நிறுவனத்துக்குப் பொருந்துவாரா?’

ஜோடியைக் கட்டுவது

ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். சென்னையில் ஒரு ஜவுளிக்கடைக் குழுமம், பில்லிங் மற்றும் வாடிக்கையாளர் சேவைக்கு ஆள் எடுக்கிறது. சாட்பாட் பெயர், ஊர், பள்ளி, கல்லூரி, அனுபவம் கேட்கிறது. பிறகு ‘வாடிக்கையாளர் கோபப்பட்டால் என்ன செய்வீர்கள்?’ மாதிரி இரண்டு மூன்று திறந்த கேள்விகள். கடைசியில் நேர்காணலுக்கு அனுப்பலாமா என்று முடிவு சொல்கிறது.

முதலில் ஒரு அடிப்படை விண்ணப்பதாரர் வேண்டும். பி.காம்., 61 சதவீதம், ஒரு வருடம் கடையில் பில் போட்ட அனுபவம், டேலி தெரியும், ஆங்கிலம் சுமார். வேண்டுமென்றேதான் இவரை நடுத்தரமாக வைக்கிறோம். 90 சதவீதமும் ஐந்து வருட அனுபவமும் உள்ளவரை எந்தச் சாட்பாட்டும் தெருப் பெயரைப் பார்க்காமல் உள்ளே விடும். பட்டப்படிப்பே இல்லாதவரை அதேபோலக் கழிக்கும். இரண்டு முனையிலும் ஜோடிகள் ஒரே முடிவைக் கொடுக்கும், சோதித்தவர் ‘பாரபட்சமே இல்லை’ என்று எழுதிவிட்டுப் போவார். தராசு இரண்டு பக்கமும் சாயக்கூடிய இடத்தில்தான் ஒரு பெயரும் ஒரு தெருவும் எடை பெறுகின்றன.

பாலினத்துக்கு ஜோடி கட்டுவது தமிழில் ஓரளவு எளிது. ‘படித்தேன், வேலை பார்த்தேன், வருவேன்’ என்று தன்மையில் எழுதும்போது எழுதுபவர் ஆணா பெண்ணா என்று வினைமுற்றில் தெரியாது. இந்தியில் தெரியும். எனவே பெயரை மட்டும் பிரகாஷிலிருந்து பிரியாவாக மாற்றினால் போதும், பதில்களில் கை வைக்க வேண்டியதில்லை. கல்லூரிதான் சிக்கல். ஆணுக்கு மகளிர் கல்லூரி எழுத முடியாது. அதனால் அதற்குத் தனி ஜோடி வேண்டும். இரண்டு பேரும் பெண்கள், இரண்டு பேரும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துப் பட்டதாரிகள், ஒருவர் குற்றாலம் பராசக்தி மகளிர் கல்லூரி, மற்றவர் அதே பல்கலைக்கழகத்தின் கீழுள்ள இருபாலர் கல்லூரி. இந்த ஜோடி தேவையா என்று கேட்பவர்களுக்கு அமேசானின் கதை இருக்கிறது. 2014 முதல் அந்த நிறுவனம் ரெஸ்யூம்களுக்கு மதிப்பெண் போடும் மென்பொருள் ஒன்றை உருவாக்கிவந்தது. பத்து வருட விண்ணப்பங்களைக் கொடுத்துப் பழக்கினார்கள், அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. ‘பெண்கள் சதுரங்கக் கழகத் தலைவர்’ என்பது போல ‘பெண்கள்’ என்ற சொல் வரும் ரெஸ்யூம்களுக்கு அது மதிப்பெண் குறைத்தது. இரண்டு மகளிர் கல்லூரிகளில் படித்தவர்களையும் கீழே தள்ளியது. திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள் என்று 2018 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டபோதுதான் வெளியுலகத்துக்கு இது தெரிந்தது. யாரும் அந்த மென்பொருளிடம் ‘இவர் ஆணா பெண்ணா’ என்று சொல்லவில்லை.

சாதிக்கு வருவோம். வட இந்தியாவில் பெயரின் பின்பாதியை மாற்றினால் ஜோடி தயார். தோரட் குழு செய்ததும் அதுதான். இங்கே மு. பிரியா என்றால் மு. பிரியாதான். அதனால் வெளிநாட்டிலோ டெல்லியிலோ தயாரித்த பெயர்ப் பட்டியலை வைத்துத் தமிழ்நாட்டுச் சாட்பாட்டைச் சோதித்தால், அது தேறிவிடும். நம் ஊரில் சாதி முகவரியில் இருக்கிறது, பள்ளியின் பெயரில் இருக்கிறது. ‘காலனி’ என்று எழுதினால் தென்காசி மாவட்டத்தில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. ஆதிக்கத்தின், தீண்டாமையின் குறியீடாக மாறிவிட்ட அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். நாங்குநேரி கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளங்களை எடுக்கச் சொன்னது. ஆனால் ஏற்கெனவே படித்து முடித்தவரின் மாற்றுச் சான்றிதழில் ‘ஆதிதிராவிடர் நல மேல்நிலைப்பள்ளி’ என்றுதானே அச்சாகியிருக்கிறது. அதைத்தான் அவர் சாட்பாட்டிடம் எழுதுகிறார்.

எனவே சாதி ஜோடியில் ஒருவர் பள்ளிக்கூடத் தெரு, மற்றவர் அதே ஊர் காலனித் தெரு. வேறொரு ஜோடியில் ஒருவர் அரசு மேல்நிலைப்பள்ளி, மற்றவர் அரசு ஆதிதிராவிடர் நல மேல்நிலைப்பள்ளி. இந்த இடத்தில் ஒரு பக்கம் மெட்ரிக் பள்ளியைப் போட்டுவிடக் கூடாது. போட்டால் சாதியும் வீட்டு வசதியும் ஆங்கில வழியும் கலந்து, முடிவு எதைச் சொல்கிறது என்று தெரியாமல் போகும்.

வட்டாரத்துக்கும் இதே கவனம் வேண்டும். ஆலங்குளத்தில் இருப்பவரையும் தாம்பரத்தில் இருப்பவரையும் ஜோடியாக்கினால், ‘கிட்டத்தில் இருப்பவர் சீக்கிரம் சேருவார்’ என்று நிறுவனம் நியாயமாகவே சொல்லலாம். இருவரும் இப்போது சென்னையில் ஒரே பகுதியில் தங்கியிருப்பதாக எழுதி, சொந்த ஊரை மட்டும் மாற்ற வேண்டும். பெயரிலும் ஊர் இருக்கிறது. சுடலைமுத்து, இசக்கிராஜா என்ற பெயர்களைக் கேட்டால் தாமிரபரணிக் கரைப் பக்கத்துக்காரர் என்று தெரிந்துவிடும். கார்த்திக்கும் இசக்கிராஜாவும் ஒரே பதிலைச் சொன்னால் ஒரே மதிப்பெண் வருகிறதா என்று பார்ப்பது இந்த ஊருக்கென்றே செய்ய வேண்டிய சோதனை.

பேச்சு வழக்குதான் இவற்றில் மிக நுட்பமானது. கோபப்படும் வாடிக்கையாளரைப் பற்றிய கேள்விக்கு ஒருவர் இப்படி எழுதுகிறார்: ‘கஸ்டமர் கோவப்பட்டாங்கன்னா முதல்ல அவங்க சொல்றத முழுசா கேட்டுக்குவேன். அப்புறம் மேனேஜர்கிட்ட கேட்டு வழி பண்ணுவேன்.’ இன்னொருவர்: ‘கஸ்டமர் கோவப்பட்டாவன்னா மொதல்ல அவிய சொல்லுதத முழுசா கேட்டுக்கிடுவேன். பெறவு மேனேஜர்கிட்ட கேட்டு வழி பண்ணுவேன்.’ செய்யப்போகும் காரியத்தில் இம்மியும் வேறுபாடு இல்லை. இரண்டுமே பேச்சுத் தமிழ்தான். ஒன்று சினிமாவிலும் டிவியிலும் கேட்டுப் பழகியது, மற்றது நெல்லைச் சீமையுடையது. இரண்டாவது பதிலுக்குத் ‘தொடர்புத் திறன் குறைவு’ என்று சாட்பாட் எழுதினால், அது வேலைத் திறனை அளக்கவில்லை.

இந்த முறைக்கும் ஒரு மூதாதை உண்டு. மான்ட்ரியாலில் உளவியலாளர் வாலஸ் லாம்பர்ட், இரு மொழியும் சரளமாகப் பேசும் ஒரே ஆளை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பேசவைத்துப் பதிவுசெய்து, இரண்டு பேர் பேசுவதாக நினைத்துக் கேட்டவர்கள் இரண்டு குரலுக்கும் எப்படி மதிப்புப் போடுகிறார்கள் என்று பார்த்தார். 1960இல் வெளிவந்த ஆய்வு அது. வாலன்டின் ஹோஃப்மனும் உடன் ஆய்வாளர்களும் இதையே மொழி மாதிரிகளுக்குச் செய்து 2024இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். ஒரே கருத்தைக் கறுப்பின அமெரிக்கர் வழக்கிலும் பொது ஆங்கிலத்திலும் கொடுத்து, பேசியவருக்கு என்ன வேலை பொருந்தும் என்று கேட்டார்கள். கறுப்பினர் வழக்கில் பேசியவருக்கு மாதிரிகள் மதிப்புக் குறைந்த வேலைகளைக் காட்டின. ‘கறுப்பினர் எப்படிப்பட்டவர்கள்?’ என்று நேராகக் கேட்டபோது அதே மாதிரிகள் பெரும்பாலும் நல்ல சொற்களையே சொல்லின.

இதை நம் சோதனைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். ‘நான் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்’ என்று வெளிப்படையாக எழுதிப் பார்ப்பது பெரும்பாலும் வீண். அங்கே ஜாக்கிரதையாகப் பேசச் சாட்பாட்டுக்குக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். வழக்கிலும் தெருவிலும் பள்ளியிலும் மறைமுகமாக வரும்போது அந்த ஜாக்கிரதை விழித்துக்கொள்ளாது. அதேசமயம் வெளிப்படையான கேள்வியில்கூட எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. 2025 அக்டோபரில் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ இதழ், சாதி பற்றிய 105 வாக்கியங்களில் விட்ட இடத்தை நிரப்பும்படி ஜிபிடி-5 மாதிரியிடம் கேட்டது. 80 இடங்களில் அது பழைய சாதிக் கண்ணோட்டத்துக்கே போனது. கற்றவர் என்றால் ஒரு சாதி, சாக்கடை சுத்தம் செய்பவர் என்றால் இன்னொரு சாதி.

பேச்சுக் கொடுப்பதில் உள்ள கண்ணிகள்

கடிதம் ஒரு முறை போய்விட்டால் போனதுதான். சாட்பாட் திரும்பக் கேட்கும். பிரியாவிடம் ‘இரவு எட்டு மணி வரை வேலை, வீட்டில் சம்மதமா?’ என்று கேட்டு, பிரகாஷிடம் கேட்காமல் போகலாம். அங்கிருந்து இரண்டு உரையாடல்களும் வெவ்வேறு பாதையில் போய்விடும். சோதிப்பவர் அந்த நேரத்தில் தோன்றியதைப் பதிலாக அடித்தால், முடிவில் வரும் வேறுபாடு சாட்பாட்டுடையதா சோதிப்பவருடையதா என்று பிரிக்க முடியாது. அதனால் வரக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே விடைத்தாள் எழுதி, இரண்டு பேருக்கும் அதையே எழுத்துப் பிசகாமல் ஒட்ட வேண்டும். விடைத்தாளில் இல்லாத கேள்வி வந்தால் இருவருக்கும் பொதுவான ஒரு வரி: ‘சரி, எனக்குச் சம்மதம்.’ யாரிடம் என்ன கூடுதலாகக் கேட்டது என்பதைத் தனியாகக் குறித்துவைக்க வேண்டும். முடிவு ஒன்றாகவே வந்தாலும், பெண்ணிடம் மட்டும் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு.

வாட்ஸ்அப் சாட்பாட் ஆளைப் போன் நம்பரால் அடையாளம் காண்கிறது. ஒரே நம்பரிலிருந்து இரண்டாம் முறை பேசினால் ‘மறுபடியும் வருக’ என்று முந்தைய உரையாடலை நினைவில் வைத்துப் பேசும், அல்லது ஏற்கெனவே விண்ணப்பித்தவர் என்று தள்ளிவிடும். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் புது நம்பரோ, நிறுவனமே கொடுக்கும் சோதனைக் கணக்கோ வேண்டும். ஜோடியில் யார் முதலில் போகிறார் என்பதையும் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். எப்போதும் பிரகாஷ் காலையிலும் பிரியா மாலையிலும் போனால், மாலைக்குள் இடம் நிரம்பிவிட்டது என்ற காரணம் பாலினப் பாகுபாடு போலத் தோன்றும்.

இதையெல்லாம் நிறுவனத்தின் சம்மதத்தோடு செய்வதுதான் முறை. பொய் விண்ணப்பங்களால் ஒரு மனிதரின் நேரம் வீணாகிறது, உண்மையான விண்ணப்பதாரர் ஒருவரின் இடம் தள்ளிப்போகவும் கூடும். சம்மதம் இருந்தால் இன்னொரு வசதியும் உண்டு. சாட்பாட் எச்.ஆருக்கு எழுதும் குறிப்பை வெளியிலிருப்பவர் பார்க்க முடியாது, உள்ளே இருப்பவர் பார்க்கலாம். ஜோடியில் இருவரையும் தேர்ந்தெடுத்துவிட்டு, ஒருவருக்கு ‘தன்னம்பிக்கை உள்ளவர்’ என்றும் மற்றவருக்குக் ‘கிராமப்புறப் பின்னணி, பயிற்சி தேவைப்படலாம்’ என்றும் எழுதியிருந்தால், கதவு அடுத்த கட்டத்தில் மூடும்.

எண்ணிப் பார்ப்பது

மொழி மாதிரிக்கு ஒரு குணம் உண்டு. ஒரே விண்ணப்பத்தை இரண்டு முறை கொடுத்தாலும் இரண்டு முடிவு சொல்லும். இதை மறந்துவிட்டு, ஒரு ஜோடியில் பிரியா தள்ளப்பட்டதைப் படம் பிடித்துப் பரப்பினால், அடுத்த நாளே நிறுவனம் பிரியா தேர்வான படத்தைக் காட்டும். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம்.

எனவே முதலில் அளக்க வேண்டியது இந்த ஆட்டத்தை. காலனித் தெரு ஜோடிகளுக்குப் போகும் முன், சாதி எதையும் சொல்லாத இரண்டு தெருக்களை வைத்து, பள்ளிக்கூடத் தெரு – தபால் ஆபீஸ் தெரு என்று நூறு ஜோடிகள் அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இங்கே வரும் எண்கள் கணக்கை விளக்குவதற்காக நான் போட்டவை, எந்த நிறுவனத்தினுடையதும் அல்ல. 88 ஜோடிகளில் இருவருக்கும் ஒரே முடிவு. 12 ஜோடிகளில் முடிவு பிரிகிறது. ஏழில் பள்ளிக்கூடத் தெரு தேர்வாகிறது, ஐந்தில் தபால் ஆபீஸ் தெரு. இதுதான் சாட்பாட்டின் இயல்பான ஆட்டம், எந்தப் பக்கமும் சாயவில்லை.

அடுத்து பள்ளிக்கூடத் தெரு – காலனித் தெரு என்று நூறு ஜோடிகள். 62இல் இருவரும் தேர்வு, 20இல் இருவரும் இல்லை. மிச்சம் 18 ஜோடிகளில் முடிவு பிரிந்தது. அவற்றில் 14 முறை பள்ளிக்கூடத் தெருக்காரர் மட்டும் தேர்வானார், 4 முறை காலனித் தெருக்காரர் மட்டும்.

மொத்தச் சதவீதத்தைப் பார்த்தால் 76க்கு 66. ‘பத்து சதவீதம்தானே’ என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் சேர்ந்து தேறிய 62 ஜோடிகளும் சேர்ந்து விழுந்த 20 ஜோடிகளும் நம் கேள்விக்கு எந்தப் பதிலும் சொல்லவில்லை. பேசுவது பிரிந்த 18 மட்டுமே. தெரு ஒரு பொருட்டே இல்லை என்றால், இந்த 18உம் நாணயம் சுண்டியது போல இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்பது ஒன்பதாக விழ வேண்டும். 18 முறை சுண்டி ஒரு பக்கம் 14 முறையோ அதற்கு மேலோ விழுவது, எந்தப் பக்கமானாலும், நூற்றுக்கு மூன்று தடவை நடக்கும். முதல் சோதனையின் 7–5க்கு அப்படி எந்த விசேஷமும் இல்லை. புள்ளியியலில் மக்னிமார் சோதனை என்று சொல்வது இந்த எண்ணிக்கையைத்தான். இதற்குக் கணினிகூட வேண்டாம், ஒரு நோட்டும் பொறுமையும் போதும்.

இதில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறு உண்டு. ஒரே பி.காம். 61 சதவீத விண்ணப்பத்தை நூறு தடவை அனுப்பிவிட்டு ‘நூறு ஜோடி சோதித்தோம்’ என்பார்கள். அது அந்த ஒரு விண்ணப்பத்தைப் பற்றி மட்டும் சொல்லும். படிப்பு, அனுபவம், பதில்கள் எல்லாம் வேறான நூறு அடிப்படை விண்ணப்பங்களை எழுதி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ஜோடி கட்ட வேண்டும். பெயர்களும் அப்படித்தான். பிரியா என்ற ஒரே பெயரை வைத்துப் பெண்களைப் பற்றி முடிவு சொல்ல முடியாது. இன்னொரு தவறு, பாலினம், சாதி, வட்டாரம், பள்ளி, கல்லூரி, வழக்கு என்று இருபது விதமாகச் சோதித்து, அவற்றில் சாய்வு தெரிந்த ஒன்றை மட்டும் வெளியிடுவது. இருபது தடவை பார்த்தால் ஒன்றாவது தற்செயலாகச் சாய்ந்து தெரிய வாய்ப்பு அதிகம். எதைச் சோதிக்கப் போகிறோம் என்பதை முதலிலேயே எழுதிவைத்துவிட்டு, எல்லா முடிவையும் சொல்ல வேண்டும்.

சாய்வு தெரியாமல் போனாலும் ஒரு எச்சரிக்கை உண்டு. பெண் என்பதற்காகத் தனியாகச் சாயாமல், காலனி என்பதற்காகத் தனியாகச் சாயாமல், காலனித் தெருவிலிருந்து நெல்லை வழக்கில் எழுதும் பெண் என்று மூன்றும் சேரும்போது மட்டும் சாயலாம். அந்தச் சேர்க்கைக்குத் தனி ஜோடிகள் வேண்டும்.

யார் கேட்பது?

நியூயார்க் நகரில் 2023 ஜூலை முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஆள் தேர்வுக்குத் தானியங்கிக் கருவி பயன்படுத்தும் நிறுவனம் ஆண்டுக்கொரு முறை வெளியாரை வைத்துப் பாரபட்சத் தணிக்கை செய்து முடிவை வெளியிட வேண்டும். அந்தத் தணிக்கை, உண்மையான விண்ணப்பதாரர்களில் எந்தப் பாலினம், எந்த இனம் எத்தனை விகிதம் தேர்வானது என்று எண்ணுகிறது. நம் நாட்டுத் தனியார் நிறுவனங்கள் பொதுவாக விண்ணப்பதாரரின் சாதியைக் குறித்துவைப்பதில்லை. அந்த விவரம் இல்லாமல் அந்தக் கணக்கைப் போடவே முடியாது. அதனால்தான் சாதியைப் பொறுத்தவரை இங்கே இணைச் சோதனையைத் தவிர நடைமுறையில் வேறு வழி இல்லை. வேலைக்கு ஆள் எடுப்பதில் பெண்களுக்குப் பாகுபாடு கூடாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் சொன்னது, 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் சொல்கிறது. ஆனால் வடிகட்டும் இயந்திரத்தைச் சோதித்துக் காட்டு என்று நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தும் விதி நம்மிடம் இல்லை.

சாய்வு தெரிந்தால் நிறுவனம் முதலில் செய்யக்கூடியது, பெயர், முகவரி, பள்ளியை மொழி மாதிரியின் கண்ணிலேயே காட்டாமல் மறைத்துவிடுவது. ஆளைத் தொடர்புகொள்ளத்தான் அவை தேவை, மதிப்பிட அல்ல. மறைத்த பிறகு அதே ஜோடிகளை மறுபடி அனுப்ப வேண்டும். அதோடு, நிறுவனம் முன்பு பார்த்திராத புது ஜோடிகளையும் அனுப்ப வேண்டும், ஏனென்றால் பழைய கேள்வித்தாளுக்கு மட்டும் தேறும்படி சாட்பாட்டைத் திருத்திவிட முடியும். பேச்சு வழக்கை இப்படி மறைக்க முடியாது. பதிலே அந்த வழக்கில்தான் இருக்கிறது. அங்கே, ‘தொடர்புத் திறன் எப்படி?’ என்ற பொத்தாம்பொதுக் கேள்வியை எடுத்துவிட்டு, ‘வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்பேன் என்றாரா? மேலாளரிடம் கொண்டுபோவேன் என்றாரா?’ என்று பதிலின் உள்ளடக்கத்தை மட்டும் பார்க்கச் சொல்ல வேண்டும். அதன் பிறகும் ‘கோவப்பட்டாவன்னா’ எழுதியவருக்கு மதிப்பெண் குறைந்தால், அந்தக் கேள்வியை மனிதர்தான் திருத்த வேண்டும்.

ஆலங்குளத்திலும் குற்றாலத்திலும் வேலைவாய்ப்புப் பிரிவுப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்களால் இதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கல்லூரி மாணவிகளை மொத்தமாக ஒரு நிறுவனத்தின் சாட்பாட்டுக்கு அனுப்பும் முன், அந்த நிறுவனத்திடம் எழுத்தில் கேட்கலாம்: எத்தனை ஜோடிகள் வைத்துச் சோதித்தீர்கள், மகளிர் கல்லூரி ஜோடி அதில் இருந்ததா, தமிழ்நாட்டு முகவரிகளும் நெல்லை வழக்கும் இருந்தனவா, எத்தனை ஜோடி பிரிந்தது, எந்தப் பக்கம், சாதி சொல்லாத ஜோடிகளில் எத்தனை பிரிந்தது. உண்மையில் சோதித்த நிறுவனத்திடம் இந்தக் கணக்கு ஒரே தாளில் இருக்கும். ‘எங்கள் ஏ.ஐ. எல்லோரையும் சமமாக நடத்துகிறது’ என்று ஒரு வரி மட்டும் பதிலாக வந்தால், சோதிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு, மாணவிகளின் விண்ணப்பங்களை ஒரு மனிதர் பார்க்க வேண்டும் என்று கல்லூரி கேட்கலாம்.